எழுநூற்று ஏழு ரூபாய்க்கு ஒரு மேல்முறையீடு

செவிலிமேட்டில் அந்தோணி என்றால் ஐஸ் பெட்டி அந்தோணி. செத்தவர்களைப் போட்டு வைக்கும் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பாக்ஸ் அவரிடம் இரண்டு இருந்தது. கூடவே சாமியானா, நாற்காலி. ஒரு வீட்டில் உயிர் போனதும் யாராவது ஒருவர் முதலில் அவருக்குத்தான் போன் போடுவார். மின்கம்பத்தில், டீக்கடைச் சுவரில், ஆஸ்பத்திரி எதிரே மருந்துக்கடைக் கதவில், எல்லா இடத்திலும் அந்த ஒரே நம்பர்தான். பதினான்கு வருடமாக மாறாத நம்பர்.

அதற்கு முன்பு அவர் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அங்கே கூட வேலை செய்தவர் குப்புசாமி. முதல் பெட்டி வாங்க பேங்கில் கடன் கேட்டபோது, ஜாமீன் கையெழுத்துப் போட அந்தோணியின் சொந்தக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. குப்புசாமிதான் வந்து போட்டார். அவருக்குச் சர்க்கரை முற்றிய பிறகும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தோணி வண்டியை நேரே வாலாஜாபாத்துக்கு விடுவார். இரண்டு பேரும் பேசுவதற்கு விஷயம் அதிகம் இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

மார்ச் மாத போன் பில் எழுநூற்று ஏழு ரூபாய். பதினான்காம் தேதி மகள் திரிஷா தன் போனிலிருந்து கட்டினாள். பேங்கில் பணம் போய்விட்டது; கம்பெனி ஆப்பில் மட்டும் பாக்கி என்றே காட்டியது. கெடு பதினேழாம் தேதி. அன்றைக்கு அந்தோணி காந்தி ரோட்டில் இருந்த போன் கம்பெனி ஷோரூமுக்குப் போனார். கவுண்டரில் இருந்த இளவரசன் கம்ப்யூட்டரைப் பார்த்து, "பணம் வர்லன்னுதாண்ணே காட்டுது. இப்ப கட்டிடுங்க. அது வந்தாலும் அடுத்த பில்லுல கழிஞ்சிடும்" என்றான். அந்தோணி கட்டினார்.

அடுத்த பில்லில் ஒன்றும் கழியவில்லை. மறுபடியும் முழுசாக எழுநூற்று ஏழு. ஏப்ரல் இரண்டாம் தேதி கஸ்டமர் கேருக்குப் போன் செய்து புகார் எண் வாங்கினார். ஒன்பதாம் தேதி மெசேஜ் வந்தது: தாங்கள் குறிப்பிட்ட தொகை எங்களுக்கு வரவில்லை, புகார் முடிக்கப்பட்டது, வங்கியை அணுகவும். பேங்கிலோ, பணம் கம்பெனிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கேயே கேளுங்கள் என்று ஸ்டேட்மெண்டைக் கையில் கொடுத்தார்கள்.

"என் பணம் அவன்கிட்ட இருக்குது. நான் எதுக்கு மறுபடி கட்டணும்?" என்றார் அந்தோணி.

"கட்டித் தொலைய்யா. போன வச்சித்தான் நம்ம பொழப்பே ஓடுது" என்றாள் மேரி, அவர் மனைவி.

"அவன் தப்பு பண்ணுவான், நான் பயந்துக்கினு கட்டணுமா?"

அவர் கட்டவில்லை. ஏப்ரல் இருபத்து நான்காம் தேதியிலிருந்து அவரால் யாருக்கும் போன் பேச முடியவில்லை. வருகிற போன் வந்தது. அது போதும் என்று இருந்தார். மே இரண்டாம் தேதி அதையும் நிறுத்திவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. இரண்டு நாள் போன் அடிக்கவே இல்லை. அக்னி வெயிலில் இப்படி ஒரு அமைதி எப்போதும் இருந்ததில்லை. "ஊரு நல்லா இருக்குது போல" என்று மேரியிடம் சொல்லிவிட்டு, பெட்டிகளைக் கழுவித் துடைத்து வைத்தார். அந்த ஞாயிறு சர்ச்சில் விசேஷம் என்பதால் வாலாஜாபாத்துக்கும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பெட்ரோல் பங்கில் ஒரு வேன் டிரைவர் கேட்டார். "என்னண்ணே, உங்க கூட்டாளி சாவுல உங்களையே காணோம்?"

குப்புசாமி சனிக்கிழமை காலையில் போயிருந்தார். பெங்களூரிலிருந்து பெண் வரவேண்டும் என்று மறுநாள் மதியம்வரை வைத்திருந்து எடுத்திருக்கிறார்கள்.

அந்தோணி அப்படியே வண்டியை வாலாஜாபாத்துக்கு விட்டார். வாசலில் மகன் வெங்கடேசன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான்.

"நாலு தடவ போட்டேண்ணே. சேவை தற்காலிகமா நிறுத்தப்பட்டிருக்குதுன்னே சொல்லிச்சு" என்றான். "வீட்டுக்கு ஆள் அனுப்பலாம்னு பாத்தேன். இருந்ததே ரெண்டு ஆம்பளைங்க. வேற ஆளோட பெட்டி வர மதியம் ரெண்டு மணி ஆயிடிச்சு. அதுவரைக்கும் வெறும் ஃபேன்தான். அந்த வெயில்ல…"

குப்புசாமியின் மனைவி துளசி உள்ளே இருந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து அவர் ஷோரூமுக்குத்தான் போனார். இளவரசன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். "புகார் ஓபன்ல இருந்தா கட் பண்ணியிருக்க மாட்டாங்கண்ணே. முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்குது. அதான்." பில் எழுநூற்று ஏழு, தாமதக் கட்டணம் நூற்றுப் பதினெட்டு. அந்தோணி இரண்டையும் கட்டினார். இரண்டு மணி நேரத்தில் போன் உயிர் பெற்றது. இளவரசனே ஒரு துண்டுச் சீட்டில் மேல்முறையீட்டு அதிகாரியின் முகவரியை எழுதிக் கொடுத்தான். "புகார் முடிஞ்சி முப்பது நாளுக்குள்ள போடணும். ஒன்பதாம் தேதிக்குள்ள போட்டுடுங்க. ஃபீஸ் எதுவும் இல்ல."

மறுநாள் திரிஷா சொல்லச் சொல்ல, அவரே தன் கையால் எழுதினார்.

"ஐயா, கடந்த 14.03.2025 அன்று யுபிஐ மூலம் ரூ.707 செலுத்தினேன். பரிவர்த்தனை எண் 507343278815. அது தங்கள் கணக்கில் சேர்ந்ததற்கு வங்கி அறிக்கை இணைத்துள்ளேன். பணம் வரவில்லை என்று தங்கள் ஷோரூமில் கூறியதால் 17.03.2025 அன்று மீண்டும் ரூ.707 செலுத்தினேன். பரிவர்த்தனை எண் 507671904426. ரசீது நகல் இணைத்துள்ளேன். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பெற்றுள்ளீர்கள். 02.04.2025 அன்று நான் கொடுத்த புகாரை வங்கி அறிக்கையைக் கேட்காமலே 09.04.2025 அன்று முடித்துவிட்டீர்கள். பிறகு என் இணைப்பையும் துண்டித்தீர்கள்."

அதன் கீழே குப்புசாமியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். திரிஷா படித்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் அவங்களுக்கு எதுக்குபா? நம்பரும் தேதியும் இருந்தா போதும். இத படிக்கக்கூட மாட்டாங்க."

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். ஒரு வரியை மட்டும் விடவில்லை: "இணைப்பு இல்லாத நாட்களில் என் நண்பர் இறந்த செய்தி எனக்கு வரவில்லை." திரிஷா ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினாள். அவர் போஸ்ட் ஆபீஸ் போய்ப் பதிவுத் தபாலிலும் போட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமியானாவும் நூறு நாற்காலியும் தானே கொண்டுபோய் இறக்கினார். முடிந்ததும் வெங்கடேசன் வாடகையை எண்ணி நீட்டினான்.

"வேணாம்பா. உங்கப்பனுக்குச் செய்யறதுக்கு…"

"வாங்கிக்கங்கண்ணே. அம்மா குடுக்கச் சொல்லிச்சு."

வாங்காமல் நின்றார். அவன் பணத்தை அவருடைய சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஜூன் ஒன்பதாம் தேதி பதில் வந்தது. 14.03.2025 தேதியிட்ட தொகை கம்பெனிக்கு வந்திருந்ததாம். எந்த வாடிக்கையாளருடையது என்று பொருந்தாமல் தனிக் கணக்கில் கிடந்ததாம். இப்போது அவர் பெயரில் வரவு வைக்கப்பட்டதாம். தாமதக் கட்டணமும் நல்லெண்ண அடிப்படையில் திரும்ப வரவு வைக்கப்பட்டது. நண்பர் இறந்த வரிக்குப் பதில் எதுவும் இல்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "சார், உங்க பிரச்சனை தீர்ந்துச்சா? அஞ்சுக்கு எவ்வளவு மார்க் குடுப்பீங்க?"

"பணம் வந்துடிச்சும்மா" என்றார் அந்தோணி.

"அப்போ அஞ்சுன்னு போட்டுக்கட்டுமா சார்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த மாத பில்லில் கட்டவேண்டிய தொகை பூஜ்யம் என்று வந்தது. "ஜெயிச்சிட்டயே" என்றாள் மேரி. அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவர் பில்லை மடித்து வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். மாகறலில் ஒரு வீட்டிலிருந்து அப்போதுதான் போன் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவர் பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறார்.