மாதக் கடைசியில் ஏறிய மாடிப்படி

பழசை மறந்துவிடு என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். நான் ஏன் மறக்க வேண்டும்? மறக்கிற மாதிரியா அந்தப் பழைய வீட்டுச் சொந்தக்காரர் செய்தார்?

அப்போது சங்கரன்கோவிலில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதக் கடைசியில் வீட்டின் சொந்தக்காரர் வந்து, உள்ளே கூட வராமல் வாசலில் நின்றே சொன்னார்.

"நாளையில இருந்து வாடகை ரெண்டாயிரம் கூட. கட்டுப்படியாச்சுன்னா இருங்க, இல்லன்னா காலி பண்ணுங்க."

ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதம் இருந்தது. எதற்காக இவ்வளவு என்று என் கணவர் கேட்டார். "என் வீடு, என் இஷ்டம்வே" என்று பதில் வந்தது. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "பரீட்சை முடியட்டும் அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. காலி பண்ணினோம். உறவுக்காரர் ஒருவர் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து படித்துத்தான் அவள் மீதிப் பரீட்சையை எழுதினாள். நர்ஸ் படிப்புக்கு மார்க் போதவில்லை. இன்று அவள் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை எடுத்துப் போடுகிறாள். அவள் கால் வீங்கி வருகிற ஒவ்வொரு நாளும் அந்த ஆளை நான் வயிறெரிந்து திட்டாமல் படுத்ததில்லை.

தைத்துத் தைத்து, கடன் வாங்கி, ஊர் ஓரத்தில் ஒரு வீடு கட்டினோம். மாடியை வாடகைக்கு விட்டோம். போன வருஷம் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். புருஷனுக்குத் திருப்பூரில் வேலை. பால் காய்ச்சும் அன்று அவளுடைய அப்பா வந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களைக் காலி பண்ண வைத்த அவரேதான்! அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எம் மக தங்கமான பிள்ள, பாத்துக்கோங்கம்மா" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அவர் மகளைப் பார்க்க வந்திருந்தார். ஏப்ரல் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று மாடி ஏறினேன். வாசலிலேயே நின்றேன்.

"நாளையில இருந்து வாடகை ரெண்டாயிரம் கூட. கட்டுப்படியாச்சுன்னா இரு, இல்லன்னா காலி பண்ணு."

அந்தப் பெண் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருதே" என்றாள். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"இது என்ன அநியாயம்மா? ஒப்பந்தம் முடியுமுன்ன எப்படிக் கூட்டுவீங்க? முடிஞ்ச பெறகு கூட்டுறதா இருந்தாலும் மூணு மாசத்துக்கு முன்ன எழுதிக் கொடுக்கணும். வீட்டுத் தீர்வை கூடியிருக்கா, ஏதும் செலவு செஞ்சீங்களா, காரணம் சொல்லணும். அக்கம்பக்கத்துல என்ன வாடகை ஓடுதுன்னு பாக்கணும். திடுதிப்புனு இப்படிச் சொன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அவ எங்கன போவா?"

பேசவிட்டேன். கடைசி வரை பேசவிட்டேன். ஆகா, என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது!

"நீங்க சொல்லுதது அத்தனையும் நியாயம் அண்ணாச்சி" என்றேன். "இவ்வளவு தெரிஞ்சவர், எம் மக பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தப்ப என்ன சொன்னீங்க? என் வீடு, என் இஷ்டம்வேன்னு சொன்னீங்கள்ல? இந்த மூஞ்சி நெனப்பு வரலியா?"

என்னை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் ஓர் எட்டு பின்னால் போனார்.

முன்பே எழுதி இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "மொதல்ல சொன்னத விடு. இதுதான் நெசம். மே மாசத்துல இருந்து நானூறு ரூவா கூட. தீர்வை ஏறியிருக்கு, ரசீத எப்ப வேணாலும் வந்து பாரு. இந்தத் தெருவுல மத்தவங்க இதவிடக் கூடத்தான் வாங்குதாங்க. உனக்கு ஒத்து வரலன்னா பிள்ளைக பரீட்சை முடிஞ்சு, லீவுல நிதானமா வேற வீடு பாக்கலாம்."

அவள் வாசித்தாள். நானூறு கட்டுப்படியாகும் என்றாள். பிறகு காகிதத்தை மடித்துக்கொண்டே திரும்பி, "அப்பா, அக்கா சொல்லுதது நெசமா? பரீட்சை எழுதுத பிள்ளைய வெளிய அனுப்புனீங்களா?" என்று கேட்டாள்.

நான் கீழே இறங்கிவிட்டேன். அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

அந்தப் பெண் புது வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறாள், என்னோடு நன்றாகத்தான் பழகுகிறாள். அவரும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருகிறார். மாடிப்படி என் வீட்டு வாசலை ஒட்டித்தான் போகிறது. சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். அவர் வருகிற நாளில் நான் கதவைத் திறந்து வைத்து, தையல் மிஷினை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.