கடைமடை மதகுக்கு ஒரு கையெழுத்து

நாகஜோதி காமயகவுண்டன்பட்டிக்காரி. திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டப் போன பெற்றோரின் கூலியில் படித்துப் பொறியாளரானவள். கம்பத்தில் உள்ள பாசனப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் வேலை. சொந்த ஊர் வாய்க்கால்களே அவளுடைய பொறுப்பில் வந்து சேர்ந்தது அவளுக்குப் பெருமை. அதுவே தலைவலியும் ஆயிற்று. அலுவலகத்தில் கிடைக்காத பதிலை ஊர்க்காரர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து கேட்பார்கள்.

அந்த வருஷம் அவர்கள் கேட்டதெல்லாம் கடைமடை மதகைப் பற்றித்தான். ஷட்டர் துருப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தண்ணீரைத் தேக்கி வயலுக்குத் திருப்ப முடியவில்லை. எல்லாம் ஓடையில் போய் விழுந்தது. ஜூனில் அணையைத் திறப்பதற்குள் வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் வேலையை முடிக்க முடியும். நாகஜோதி மதிப்பீடு தயாரித்தாள். உதவி செயற்பொறியாளர் விஜய்ராஜ் சரிபார்த்துத் தேனிக்கு அனுப்பினார். அங்கே செயற்பொறியாளர் சுந்தர்ராஜ் ஒப்புதல் கொடுத்தால்தான் டெண்டர் விட முடியும். கோப்பு போனது மார்ச்சில். ஏப்ரல் பிறந்து வெயில் ஏறியும் திரும்பவில்லை.

பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் சுருளிவேல் ஒருநாள் காலையிலேயே வந்து நின்றார்.

"ஆத்தா, நாங்க கம்பத்துல மறியல் பண்ணப் போறோம். அப்பத்தான் அந்தக் கையெழுத்து விழும்."

"வேணாம் பெரியப்பா. அவுக வேணும்னு வச்சிருக்காகன்னு நமக்கு எப்படித் தெரியும்? மறியலுக்குப் பயந்து போட்ட கையெழுத்துன்னு பேர் வந்துட்டா, அடுத்த ஃபைல ஒண்ணுக்குப் பத்துத் தடவை பாப்பாக. எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க."

"குடுக்குறேன். ஆனா தண்ணி நமக்காகக் காத்திருக்காதுல்ல," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நாகஜோதி விஜய்ராஜிடம் போய் நின்றாள். அவரைத் தாண்டிப் போனாள் என்ற பேச்சு வரக்கூடாது.

"நான் ஒரு தடவை போன்ல கேட்டுட்டேன்மா. பாக்குறேன்னாரு. திரும்பக் கேட்டா நெருக்குற மாதிரி இருக்கும். மாதாந்திரக் கூட்டத்துக்கு நீ எங்கூட வா. எஸ்டிமேட் போட்டது நீதான, சந்தேகம் இருந்தா உங்கிட்டயே கேக்கட்டும்," என்றார் அவர்.

அன்று மாலை அவள் ஒரு குறிப்பு எழுதினாள். 'தாமதமானால் விவசாயிகள் பெரிதும் பாதிக்கப்படுவர்; உடனடியாக ஒப்புதல் வழங்க வேண்டுகிறேன்' என்று முதலில் வந்தது. வாசித்துப் பார்த்தாள். குற்றம் சுமத்துகிற குரலாகத்தான் கேட்டது. அடித்துவிட்டாள். இரண்டாம் முறை எழுதியதில் நான்கே வரிகள். எந்த மதகு, எப்போது அனுப்பிய கோப்பு, டெண்டருக்கும் வேலைக்கும் எவ்வளவு நாள் பிடிக்கும், எப்போது தண்ணீர் எதிர்பார்க்கப்படுகிறது. அடியில் ஒரு வாக்கியம்: 'மதிப்பீட்டில் விளக்கமோ திருத்தமோ தேவைப்பட்டால் தெரிவிக்கவும், செய்து தருகிறேன்.'

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போதுதான் அவளுக்கே ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் எல்லோரும் 'எப்போது வரும்' என்று கேட்டார்களே ஒழிய, 'ஏன் நிற்கிறது' என்று ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டம் தேனியில், அல்லிநகரம் பக்கத்து அலுவலகத்தில் நடந்தது. மதியம் தாண்டித்தான் முடிந்தது. சுந்தர்ராஜ் வெளியே வந்தபோது நான்கைந்து பேர் காகிதங்களோடு சூழ்ந்துகொண்டார்கள். நாகஜோதியும் எழுந்தாள். அவருடைய உதவியாளர் இவாஞ்சலின் கண்ணாலேயே தடுத்தாள்.

"அக்கா, சார் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை. இப்ப எதை நீட்டுனாலும் அப்புறம் பாக்கலாம்பாக. இங்கன உக்காருங்க, நான் சொல்றேன்."

நாகஜோதி குறிப்பை அவளிடம் கொடுத்தாள். "சார் நிதானமா இருக்கும்போது வைங்க. இன்னிக்கு முடியலைன்னாலும் பரவாயில்ல. எப்ப வந்தா தோதுப்படும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு அழைப்பு வந்தது. விஜய்ராஜும் அவளும் உள்ளே போனார்கள். சுந்தர்ராஜ் குறிப்பைக் கையில் வைத்திருந்தார். கறாரான மனிதர் என்று பெயர். ஆனால் குரலில் கறார் இல்லை, களைப்புதான் இருந்தது.

"உட்காருங்கம்மா. இந்த ஃபைலை நான் மறக்கலை."

"மறந்திருப்பீங்கன்னு நெனைக்கலை சார். நான் போட்டதுல ஏதாவது கொறை இருக்குமோன்னுதான் வந்தேன்."

அவர் மேசையோரம் இருந்த கோப்பை இழுத்துப் பிரித்தார். இரண்டாம் தாளில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"ஷட்டர் மாத்தணும்னு போட்டிருக்கீங்க, சரி. அது உக்காரப்போற அடித்தளம் எப்படி இருக்கு? அதைப் பத்தி ஒரு வரி இல்லையே. எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினா கீழே இருந்து மறுபடி ஏறி வரணும், இந்த சீசன் போயிடும். நேர்ல ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போட்டுடலாம்னு வச்சேன். கிளம்புற அன்னைக்கெல்லாம் வேற வேலை வந்து நிக்குது."

நாகஜோதிக்கு முகம் சுட்டது. ஆனால் மழுப்பவில்லை.

"மணல் மூடிக் கெடந்துச்சு சார். நல்லா இருக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். மண்ணை எடுத்துட்டு அளவும் போட்டோவும் அனுப்பவா? இல்ல, நீங்க வர முடியும்னா அதுக்குள்ள தோண்டி வச்சிர்றேன்."

"தோண்டி வைங்க. வெள்ளிக்கிழமை காலையிலே வந்துடறேன்," என்றார்.

மறியலுக்குத் தயாராக இருந்தவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். சுருளிவேலே முதலில் வாய்க்காலில் இறங்கினார். மணலை வாரி எடுத்ததும் அடித்தளத்தின் கோலம் தெரிந்தது. கான்கிரீட் அரித்துப்போய் அடியில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. புது ஷட்டரை அதன்மேல் வைத்திருந்தால் தண்ணீர் அடிவழியே ஓடையைத் தேடிப் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை சுந்தர்ராஜ் சொன்னபடி வந்தார். கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கி, அந்தப் பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"இதையும் சேர்த்துத் திருத்தின மதிப்பீடு கொடுங்க. என் அதிகார வரம்புக்குள்ளேதான் வரும்."

"சாயங்காலத்துக்குள்ள தர்றேன் சார்."

கரையில் நின்ற சுருளிவேல் மெல்லக் கேட்டார். "அப்ப எப்பய்யா கையெழுத்து..."

நாகஜோதி அவர் கையைத் தொட்டாள். அவர் நிறுத்திக்கொண்டார். சுந்தர்ராஜ் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பிறகு விஜய்ராஜ் சொன்னார்.

"ஐயா, இந்தம்மா ஒரு தடவைகூட அப்படிக் கேக்கலை. அதனாலதான் நான் இங்கே நிக்கிறேன். திங்கட்கிழமை போட்டுடுவேன்."

திங்கட்கிழமை போட்டார். குறுகிய கால டெண்டரில் வேலை முடிவாயிற்று. அடித்தளம் புதிதாகக் கொட்டினார்கள். நீர் தெளித்து ஆறவிட்டு, அதன்மேல் ஷட்டரை நிறுத்தினார்கள். நாகஜோதி வெயிலில் நின்று கறுத்துப் போனாள். மே மாதம் முடிவதற்குள் ஷட்டர் ஏறி இறங்கியது.

ஜூனில் அணை திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வர இரண்டு நாள் ஆகும் என்று தெரிந்தும் ஊர் முதல் நாளே வாய்க்கால் கரையில் கூடிவிட்டது. வந்த தண்ணீர் கலங்கலாக, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. நாகஜோதி சக்கரத்தைச் சுற்றி ஷட்டரை இறக்கினாள். ஓடைப் பக்கம் ஒரு சொட்டு கசியவில்லை. தண்ணீர் நின்றது, ஏறியது, பக்கவாட்டு மடை வழியாக வயலுக்குள் புரண்டது. பல வருஷமாகத் தரிசாகக் கிடந்த ராஜாத்தி அக்காவின் கடைசி வயல்வரை போய்ச் சேர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ வேட்டு வைத்தார்கள்.

அவள் போனை எடுத்து அந்த வயலை ஒரு படம் பிடித்து, சுந்தர்ராஜுக்கு அனுப்பினாள். கீழே எதுவும் எழுதவில்லை. சற்று நேரத்தில் பதில் வந்தது: 'அடுத்த மதகுக்கும் எஸ்டிமேட் போடுங்க. அடித்தளத்தையும் பார்த்துட்டு.'

நாகஜோதி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். கரையில் எழுந்த சிரிப்பில் சுருளிவேலின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.