விளக்கு அணைந்திருக்கும்போது

தொழிற்சாலையில் அவளுக்கு அகராதி என்று பெயர். கையேடுகளைத் திருத்தும் வேலை என்பதற்காக வைத்தது பாதி, திமிர் என்பதற்காக வைத்தது மீதி. இரண்டையும் அவள் மறுத்ததில்லை. பதினெட்டு வருடமாக ஸ்டோருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை ஜன்னல் அறையில், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பொறியாளர்கள் எழுதித் தள்ளுவதை மனிதர்கள் படிக்கிற மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் இதே ரகளைதான். ஒரு நாள் அடுப்படியில் நின்றுகொண்டு, உப்பு எங்கே என்று கணவனைக் கேட்டாள்.

"உப்பு டப்பாவுல."

"உப்பு டப்பா எது?"

"உப்பு இருக்கற டப்பா."

அந்த ஆள் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸில் பெரிய படிப்புப் படித்தவர்கள் இதையே கோட்டு சூட்டு போட்டு எழுதுகிறார்களே என்று எரிச்சல்தான் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு பிரஸ் பகுதிக்கான கையேடு அவளிடம் திருத்த வந்தது. பெரிய தட்டு மேலிருந்து இறங்கி அச்சில் பிளாஸ்டிக்கை அமுக்கும் இயந்திரங்கள் அவை. கையேட்டின் கடைசியில் சொல்விளக்கப் பட்டியல், இருநூற்றுப் பதினான்கு சொற்கள். ஐந்து பொறியாளர்கள் ஆளுக்கொரு பக்கமாக எழுதியிருந்தார்கள். ஒருவர், 'அவசர நிறுத்தம்: அவசரமாக நிறுத்துவது' என்று முடித்துக்கொண்டார். இன்னொருவர் 'பூட்டு நிலை'க்குப் 'பாதுகாப்பு நிலையைப் பார்க்க' என்றார். அங்கே போனால் 'பூட்டு நிலையையும் பார்க்க' என்றிருந்தது. செக்குமாடு கூட மாலையில் வீடு போய்ச் சேரும், இதைப் படிக்கிறவன் போய்ச் சேர மாட்டான்.

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்தாள். முதலில் அது என்ன வகை என்று சொல்: கருவியா, நிலையா, செயலா, அளவா, ஆளா? பிறகு அதே வகையில் இருக்கும் மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்று சொல். விளக்கப்போகும் சொல்லை விளக்கத்துக்குள் கொண்டுவராதே. இரண்டு சொற்கள் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு நிற்கக் கூடாது. தமிழ் வாக்கியத்தில் வகை இயல்பாகக் கடைசியில்தான் வரும்; நீளமான வாக்கியமென்றால் அதற்குள் படிப்பவன் பாதி வழியில் இறங்கிவிடுவான். அதனால் வகையைத் தலையிலேயே வைத்து, ஓர் அரைப்புள்ளி போட்டுப் பிறகு தொடர்ந்தாள். ஐந்து வாரம் ஆனது.

தலைமைப் பொறியாளர் முதல் பக்கத்துக்கு மேல் புரட்டவில்லை.

"எல்லாத்துலயும் ஒரு நிலை, ஒரு கருவின்னு ஆரம்பிக்குது. ஸ்கூல் பிள்ளைங்களுக்கா எழுதறோம்? பாதுகாப்புன்னா என்னன்னு யாருக்குத் தெரியாது? பழையதையே போடுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்."

பட்டியல் பழையபடியே அச்சேறியது. அந்தச் செக்குமாட்டு இடத்தை மட்டும் யாரோ அவசரத்தில் மாற்றியிருந்தார்கள். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து. ஆம், போட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஊரையே திட்டுகிறவள் தன்னை மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதால் இதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஐந்து மாதத்துக்கு முன்பு, எல்லாரும் பிரஸ் அண்ணன் என்று கூப்பிடும் மனிதர், ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கை எடுக்க அச்சுக்குள் கையை விட்டார். இயந்திரத்தின் எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தது. மேல்தட்டு இறங்கியது. வலது கையில் மூன்று விரல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைக் கம்பெனி ஒரு குற்றச்சாட்டோடு வரவேற்றது. இயந்திரத்தைப் 'பாதுகாப்பு நிலை'க்குக் கொண்டுவராமல் கையை விட்டார், விதி மீறல். நிரூபணமானால் வேலை போகும். விரலும் போய் வேலையும் போனவனை வேறு எவன் எடுப்பான்?

விசாரணையை நடத்த, வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் அம்மாவை வைத்திருந்தார்கள். அகராதியை அழைத்தது ஒரே ஒரு கேள்விக்காக. 'பாதுகாப்பு நிலை' என்ற சொல்லுக்குக் கையேட்டில் விளக்கம் அச்சாகியிருக்கிறதா? ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தால் போதும் என்று தலைமைப் பொறியாளர் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையாட்டவில்லை. பீரோவைத் திறந்து, மூன்று வருடத்துக்கு முன்பு சிவப்புப் பேனாவில் திருத்திய தாள்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"விளக்கம் இருக்காம்மா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"இருக்குங்க. படிக்கறேன். 'பாதுகாப்பு நிலை: எச்சரிக்கை விளக்கு அணைந்திருக்கும்போது.' அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. இது என்னன்னே இதுல சொல்லல. நிலையா, நேரமா, அடையாளமா? இதைப் படிக்கறவர் விளக்கைப் பார்ப்பார். அணைஞ்சிருந்தா கையை விடுவார். அண்ணன் விதியை மீறல. விதியில இருக்கறதை அப்படியே செஞ்சார்."

தலைமைப் பொறியாளர் நாற்காலியை நகர்த்தினார். "விளக்கு அணைஞ்சா மோட்டார் நின்னிருக்குன்னு அர்த்தம். தட்டை இறக்கற எண்ணெய் அழுத்தம் உள்ளயே இருக்கும். இது எல்லாருக்கும் தெரியும்!"

"அப்படின்னா சொல்லுங்க சார். பாதுகாப்பு நிலைன்னா என்ன?"

"மெஷின் பாதுகாப்பா இருக்கற நிலை!"

உப்பு டப்பா, என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆத்திரமாக வந்தது. அச்சுக்கு அனுப்பியவருக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்திருக்கவில்லை என்று ஒரு மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் உட்கார வைத்திருக்கிறார்களே!

சிவப்புத் தாளை விரித்துப் படித்தாள். "'பாதுகாப்பு நிலை: இயந்திரத்தின் ஒரு நிலை; இதில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, சுவிட்ச்சில் பூட்டு போடப்பட்டு, எண்ணெய் அழுத்தம் முழுவதும் வெளியேற்றப்பட்டு, மேல்தட்டுக்கு அடியில் இரும்பு முட்டு வைக்கப்பட்டிருக்கும். விளக்கு அணைந்திருப்பது மட்டும் இந்த நிலை ஆகாது.' மூணு வருஷம் முன்னாடி எழுதினது. தேதி போட்டிருக்கு. இதை அச்சுல போடல."

வழக்கறிஞர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "அச்சானதைச் சரிபார்த்தது யாரு?"

"நான்தான்" என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

குற்றச்சாட்டு பத்து நாளில் ரத்தானது. பிரஸ் அண்ணனுக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். அவளுக்கு, மேலதிகாரியை அவமதித்ததாக ஒரு மெமோ வந்தது. கூடவே, அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி ஓர் உத்தரவும் வந்தது. மற்ற இருநூற்றுப் பதின்மூன்றும் அப்படியே இருக்கட்டுமாம். வாய் முழுக்கச் சொத்தைப் பல் இருப்பவனுக்கு ஒரு பல்லை மட்டும் அடைத்துவிடுகிற புத்திசாலிகள்!

அன்று மத்தியானம் பிரஸ் அண்ணன் அவள் அறைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் மேசையிலிருந்த புதிய பக்கத்தை எடுத்து, இடது கை விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே மெதுவாகப் படித்தார். 'இரும்பு முட்டு' வந்ததும் விரல் நின்றது.

"முட்டு அந்த மூலையிலதான் கிடந்துச்சும்மா. ரெண்டு அடி தூரம். அது எதுக்குன்னு யாரும் சொல்லல." விரலை எடுக்காமலே கேட்டார். "இது மூணு வருஷமா உங்க பீரோவுல இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"அச்சானதுல கையெழுத்து உங்களோடது."

"ஆமா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தாளை மேசைமேல் வைத்து, இரண்டு விரல் மிஞ்சிய வலது கையால் ஓரத்தை அழுத்திச் சரிசெய்தார்.

"எனக்கு இனிமே பேனா பிடிக்க வராது. நீங்க கையெழுத்துப் போடறப்ப பார்த்துப் போடுங்கம்மா."

அவர் போன பிறகு அவள் அந்த உத்தரவை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பழைய சிவப்புத் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அச்சான பட்டியலின் முதல் சொல்லை எடுத்து, பக்கத்தில் சிவப்பில் 'என்ன வகை?' என்று எழுதினாள். இருநூற்றுப் பதினான்கும் முடியட்டும் என்று கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டாள்.