சராசரி இறங்கிக்கொண்டிருந்தது

கோடவுனில் தண்ணீர் மோட்டார் பெட்டிகளைத் துடைப்பது அவள் வேலை. கடை ஷட்டரைத் தூக்குவது, விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டுக் கழித்துக் கொடுப்பது, கம்பெனிக்காரர்களோடு காபி குடிப்பது எல்லாம் அவள் கணவருடைய வேலை. கல்யாணமாகிக் கடைக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பங்கீடு மாறவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து எடுத்த துணியோடு அவள் பின்பக்கம் போனால், எந்த மோட்டார் போகிறது, எது குந்திக்கொண்டிருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். போகிற பெட்டியின் மேல் தூசி உட்கார நேரமிருக்காது.

அன்று காலை நீல மோட்டார்களின் வரிசையில் துணி ஒரே இழுப்பில் கறுத்துப்போனது. உதறிவிட்டு அடுத்த பெட்டியைத் துடைத்தாள். அதுவும் அப்படியே. வரிசை கூரை வரைக்கும் போயிருந்தது. ஜன்னலை மறைத்துவிட்டதால் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. நடக்கிற வழியில்கூட இரண்டு பெட்டி. பக்கவாட்டில் நடந்து பழகியிருந்தாள். எப்போதிருந்து இப்படி நடக்கிறோம் என்று யோசித்தாள். நினைவு வரவில்லை.

முன்பக்கத்தில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஷேர் புரோக்கர் ஆபீசில் ஆர்டர் எடுக்கும் பெண்தான் மறுமுனையில். அந்த ஆபீசில் அவருக்குச் ‘சராசரி அண்ணன்’ என்று பெயர். கேலியாக ஆரம்பித்து மரியாதையாக மாறிய பெயர் அது.

மாறியதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை சந்தை மொத்தமும் சரிந்து, எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தபோது, இவர் ஒரு குழாய்க் கம்பெனி பங்கை இறங்க இறங்க வாங்கி, வாங்கிய விலையின் சராசரியைக் கீழே கொண்டுவந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வாங்குவதற்கு முன்னால் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மனைவியிடம் சொல்லுவார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. “கம்பெனிக்குக் கடன் இல்லை. ஆர்டர் குறையலை. விழுந்தது சந்தை, கம்பெனி இல்லை. நாளைக்கே கடன் வாங்க ஆரம்பிச்சுட்டான்னா நான் தப்பு, வித்துட்டு வந்துடுவேன். ஒரே கம்பெனியில நம்ம பணத்துல கால் பங்குக்கு மேல போட மாட்டேன்.” அவளுக்குப் பாதி புரியாது. ஆனாலும் ஒன்று பிடித்திருந்தது. எது நடந்தால் தான் தப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஆம்பிளையை அவள் பிறந்த வீட்டில் பார்த்ததில்லை.

அந்தப் பங்கு ஏறியது. அதில் வந்ததை வங்கியில் போட்டார்கள், இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்க முடியும் என்று எழுதிக்கொடுத்து. கடைக் கட்டடம் வாடகை. சொந்தக்காரர் விற்கப்போகிறார், முதல் உரிமை இவர்களுக்கு என்று வாக்கு கொடுத்திருந்தார். அட்வான்ஸுக்கு அந்தப் பணம்தான். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் பக்கத்துத் தெரு டைல்ஸ் கடைக்காரர் பையோடு தயாராக நிற்கிறார்.

நீல மோட்டார் கம்பெனியின் பங்கை முதலில் இருநூற்று நாற்பதுக்கு வாங்கினார், ஐந்நூறு. அப்போதும் கல்லாப் பக்கம் நின்று சொன்னார். “வர்றவன் எல்லாம் நீலம் இருக்கான்னுதான் கேக்கறான். நம்ம கண்ணு முன்னாடி நடக்குது, இதைவிட வேற என்ன ஆராய்ச்சி? கடையில கேக்கறவன் குறைஞ்சா, அன்னிக்கே வித்துடுவேன்.”

நூற்று எண்பதுக்கு இறங்கியது. மழை அதிகம், மோட்டார் கம்பெனிகள் எல்லாமே இறங்கியிருக்கின்றன, நம் கடையில் நீலம் இன்னும் போகிறது என்றார். அது உண்மைதான். இன்னொரு ஐந்நூறு வாங்கினார்.

நூற்று இருபதுக்கு வந்தபோது மற்ற கம்பெனிகள் ஏறிவிட்டிருந்தன. நீலம் மட்டும் தனியாக இறங்கியது. அப்போது கல்லாப் பக்கம் நிற்கவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, “ஆயிரம் வாங்கிட்டேன். சராசரி நூத்தி அறுபத்தஞ்சுக்கு வந்துடுச்சு” என்றார், ஜுரம் இறங்கின மாதிரி. கால் பங்கு கணக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. குழம்பு ஊற்றினாள்.

துணியை அலசிவிட்டு அவள் முன்பக்கம் வந்தபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“பங்கு எண்பத்திரண்டுல ஓடுது அண்ணே,” என்றாள் புரோக்கர் ஆபீஸ் பெண். “நாலாயிரம்னா மூணேகால் லட்சத்துக்கு மேல ஆகும். உங்க கணக்குல அவ்வளவு இல்லையே.”

“மதியத்துக்குள்ள வந்துடும். நீ ரெடியா இரு. சராசரி நூத்திப்பத்துக்கு வந்துடும் பாரு.”

“சராசரி வரும் அண்ணே. கம்பெனி வரணுமே.” கொஞ்சம் தயங்கினாள். “நான் சொல்லக் கூடாது. உங்க ஆர்டர்ல எங்களுக்குக் கமிஷன். ஆனா ஒண்ணு கேக்கறேன். கையில ஒரு பங்குகூட இல்லாம இன்னிக்குத்தான் முதல் முதலா இந்தக் கம்பெனியைப் பாக்கறீங்கன்னா, வாங்குவீங்களா?”

“என்ன கேள்வி இது? கம்பெனியோட மூணு மாச ரிசல்ட்டைப் பாத்தியா நீ? விற்பனை கூடியிருக்கு. விலை இறங்குது, விற்பனை ஏறுது. இதைத்தானே தேடிக்கிட்டு இருந்தோம்.”

“விற்பனை கூடியிருக்கு. வசூலாக வேண்டிய பணம் அதைவிடக் கூடியிருக்கு அண்ணே. டீலருங்ககிட்ட நிக்குதுன்னு போட்டிருக்கான்.”

“டீலருங்க கொடுப்பாங்கம்மா. நானே டீலர்தானே!” என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அவர் சிரிப்பு அடங்கிய இடத்தில் வைண்டிங்காரர் வந்து நின்றார். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர், எதிர்வரிசையில் கடை. செம்புக் கம்பி வாங்க வந்திருந்தார்.

“என்ன அண்ணி, முகமெல்லாம் தூசி? புதையல் தோண்டினீங்களா?”

“நீலத்தைத் துடைச்சேன்.”

“துடைச்சு வையுங்க, துடைச்சு வையுங்க. எனக்கு அதுதான் சோறு போடுது.” கம்பியைத் தராசில் வைத்தபடி கண்ணைச் சிமிட்டினார். “முன்னயெல்லாம் நீல மோட்டாரை என் கடையில பாக்கணும்னா வருஷக்கணக்கா காத்திருக்கணும். இப்ப வாங்கின சூட்டோட வந்துடுது. உள்ள கம்பியை மெலிசாக்கிட்டான் அண்ணி. பிரிச்சா தெரியுது. இந்தக் கம்பெனிக்காரன் நல்லா இருக்கணும், என் பொண்ணு காலேஜுக்குப் போறா.”

“உனக்கு வாய்க்கொழுப்பு அதிகம்” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“கொழுப்பில்ல அண்ணே, கும்பிடுதான்” என்று கும்பிட்டுவிட்டு வைண்டிங்காரர் போனார்.

அவர் மேஜை டிராயரிலிருந்து வங்கிப் படிவத்தை எடுத்தார். டெபாசிட்டை முன்கூட்டியே உடைக்கிற படிவம். தன் கையெழுத்தை ஏற்கெனவே போட்டிருந்தார். அவள் பெயருக்கு நேராகப் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. நேற்றே, ஒருவேளை அதற்கு முன்பே, அவளிடம் பேசுவதற்கு முன்னால் அந்தக் குறி போடப்பட்டிருக்கிறது.

“உள்ள வா, பேசுவோம்” என்றார்.

கடைக்குப் பின்னால், கோடவுனுக்கு முன்னால், ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல். கம்பெனி கொடுத்த நீல நிற சுவர்க் கடிகாரம்.

“அட்வான்ஸ்?” என்றாள்.

“ஓனர்கிட்ட பதினஞ்சு நாள் கேக்கலாம்.”

“நேத்து கேட்டீங்களே, முடியாதுன்னாரே.”

“திரும்பக் கேக்கலாம். ஏய், கணக்கைப் பாரு. இப்ப நூத்தி அறுபத்தஞ்சு வரணும் நாம தப்பிக்க. இன்னிக்கு வாங்கினா நூத்திப்பத்து வந்தாலே போதும். எண்பத்திரண்டுலேருந்து நூத்திப்பத்து என்ன பெரிய தூரமா?”

“மூணு லட்சத்து முப்பதாயிரம் மாட்டிக்கிட்டு இருக்கு. அதை எடுக்க இன்னொரு அவ்வளவு போடணும். அப்படித்தானே?”

“மாட்டிக்கலை. விலை இறங்கியிருக்கு.”

“சரி. ஏன் இறங்குச்சு?”

“சந்தைக்குத் தெரியலை. நமக்குத் தெரியும். நாம இந்த வியாபாரத்துல இருக்கோம்.”

அவள் கோடவுன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. துடைத்த பெட்டிகள் மட்டும் மஞ்சள் விளக்கில் பளபளத்தன. துடைக்காதவை இருட்டில் அடுக்கடுக்காக நின்றன. கடைசியாக இந்த வரிசை இவ்வளவு உயரமானது போன முறை கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்துபோன பிறகு. “மூணு மாசக் குவார்ட்டர் கணக்கு முடியுது சார், ஒரு நாப்பது எடுத்துக்குங்க, பணத்துக்கு ஆறு மாசம் அவசரமில்லை” என்று மேனேஜர் சொன்னதும், தான் காபி கொடுத்ததும் ஞாபகம் இருந்தது. அப்போது சந்தேகப்படத் தோன்றவில்லை. கடனுக்குப் பொருள் கிடைத்தது என்றுதான் தோன்றியது.

“ஏங்க, இந்த நாப்பது மோட்டார்ல நாம எத்தனை வித்தோம்?”

“விக்கும். சீசன் வரட்டும்.”

“நாம விக்கலை. பணமும் கொடுக்கலை. ஆனா கம்பெனிக்காரன் வித்துட்டதா எழுதிட்டான் இல்லையா?”

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

“நம்ம கோடவுனைத்தான் ரிசல்ட்ல படிச்சுட்டு சந்தோஷப்படறீங்க. எத்தனை டீலர் இருப்பான் நம்மள மாதிரி? ஒவ்வொருத்தன் ஜன்னலும் இப்படித்தான் அடைஞ்சு கிடக்கும்.”

“உனக்கு வியாபாரம் தெரியாது.”

“தெரியாது. தூசி தெரியும்.”

போன் மேஜையில் அதிர்ந்தது. அவர் திரையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். எழுபத்தெட்டு. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. விழுந்ததற்கு வருத்தப்படுகிற மனுஷனோடு வாழத் தெரியும் அவளுக்கு. இது வேறு முகம்.

“பாத்தியா?” என்றார். “இன்னும் இறங்குது. இன்னும் நிறைய வாங்கலாம். சராசரி இன்னும் கீழே வரும்.”

“ஒரு காலத்துல நீங்க கல்லாகிட்ட நின்னு ஒண்ணு சொல்லுவீங்க.”

“என்ன சொல்லுவேன்?”

“எது நடந்தா நீங்க தப்புன்னு. இந்தக் கம்பெனிக்கும் சொன்னீங்க. கேக்கறவன் குறைஞ்சா அன்னிக்கே வித்துடுவேன்னு. கேக்கறவனே இல்லாம போயிட்டான். அதை விடுங்க. இன்னிக்குப் புதுசா சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.” பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிப் பென்சில் குறிக்கு மேலே வைத்துக்கொண்டாள். “ஐம்பது வந்தா? இருபது வந்தா? கம்பெனியைப் பூட்டினா? எது நடந்தா நாம தப்புன்னு ஒத்துக்குவீங்க?”

பேனா முனை காகிதத்தில் பட்டு ஒரு நீலப்புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். வாய் திறந்தது. பழைய ஆள் எங்கோ உள்ளே எழுந்து வருகிறான் என்று ஒரு கணம் நினைத்தாள்.

தெருவில் லாரி ஹாரன் அடித்தது. இரண்டு முறை, உரிமையாக. ஷட்டர் இடைவெளியில் நீலப் பெட்டிகள் அடுக்கிய லாரியின் ஒரு பக்கம் தெரிந்தது.

“இது என்ன?” என்றாள்.

“குவார்ட்டர் முடியுது. மேனேஜர் கேட்டார், இல்லைன்னு சொல்ல முடியலை.” எழுந்தார். ஸ்டூல் சாய்ந்து சுவரில் மோதியது, நிமிர்த்தவில்லை.

“ஏங்க. நான் ஒண்ணு கேட்டேன்.”

அவர் கோடவுன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, “பின்னாடி எடுங்கப்பா, நிறைய எடம் இருக்கு!” என்று குரல் கொடுத்தபடியே அறையைவிட்டு வெளியே போனார்.