கன்னம் மாறிய படம்

மஹய்யாவையில் இருக்கும் கமலம் கண்டி நகரத் தெருக்களைக் கூட்டுகிறவள். அவளுடைய கணவர் ரவிகுமாருக்கு பாரிசவாதம் வந்த பிறகு ஞாபகம் குழம்பிப்போனது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. ஆள் இல்லை.

வீட்டில் இருந்தவை அவர் இளவயதுப் படங்கள்தான். அண்மையில் எடுத்தது ஒன்றே ஒன்று: பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கமலம் அவரோடு சேர்ந்து தன் போனில் எடுத்த செல்ஃபி. போட்டோகொப்பி, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் மஹ்ரூப்பின் கொமினிகேஷன் கடையில் அதிலிருந்து அவருடைய முகத்தை மட்டும் வெட்டி, "கன்னத்தில் தகரம் வெட்டிய தழும்பு" என்று எழுதி நோட்டீஸ் அடித்தார்கள். பேஸ்புக்கிலும் போட்டார்கள். பொலிஸிலும் முறைப்பாடு கொடுத்தாள். பன்னிரண்டு நாட்கள் ஒரு தகவலும் இல்லை.

இன்னும் நூறு நோட்டீஸ் அடிக்கப் போன அன்று மஹ்ரூப் முழுப் படத்தையும் திறந்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"அக்கா, பின்னால ஈக்கிற கடைப் பலகைய பாருங்க. எழுத்தெல்லாம் பொரண்டு ஈக்கி. அவருக்குத் தழும்பு எந்தப் பக்கம்?"

கமலம் கண்ணை மூடி அவருக்குச் சவரம் செய்துவிடுவதை நினைத்தாள். "வலது பக்கம், மஹ்ரூப் நானா."

படத்தில் இடது பக்கம் இருந்தது.

"முன் கேமராவுல பாக்கக்குள்ள கண்ணாடி மாதிரித்தான் தெரியும். அப்பிடிப் பாத்ததையே சேமிக்கிற செட்டிங் உங்க போன்ல போட்டு ஈக்கி. அதான் படமும் அப்பிடியே வந்திருக்கு."

அவர் அந்த செட்டிங்கை நிறுத்தினார். ஆனால் அது இனி எடுக்கும் படங்களுக்குத்தான் என்று சொல்லி, பழைய படத்தைத் தனியாக இடவலமாகத் திருப்பிச் சரிசெய்தார். "நான் அன்டைக்கே பாத்திருக்கணும்," என்றார் தலைகுனிந்தபடி.

திருத்திய படம் பேஸ்புக்கில் ஏறிய மாலையே நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர் அழைத்தார். ஸ்டேஷன் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர்.

"அம்மா, இவரு மூணு நாளு நம்ம கடை வாசல்லதான் ஒக்காந்திருந்தாரு. பழைய படத்தையும் பாத்தேன். தழும்பு அந்தப் பக்கம் இருந்திச்சு, இவருக்கு இந்தப் பக்கம். வேற ஆளுன்னு விட்டுட்டேன்மா."

"இப்ப எங்கங்க?"

"ஒரு வாரத்துக்கு முன்னாடி ரயில்ல ஏறிட்டாரு. மேல ஹட்டன் பக்கம் போனாரா, கீழ கொழும்புப் பக்கமா, தெரியல."

மறுநாள் கமலம் லீவு போட்டு நாவலப்பிட்டிக்குப் போனாள். கடைக்காரர் அவர் உட்கார்ந்திருந்த படிக்கட்டைக் காட்டி, அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தார். அது ஆறும்வரை அவள் கையிலேயே வைத்திருந்தாள். ஸ்டேஷனில் விசாரித்தபோது யாருக்கும் நினைவில்லை.

அதற்குப் பிறகு லீவு கிடைக்கும் நாட்களில் அவள் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி நோட்டீஸ் ஒட்டினாள். ஹட்டன்வரை போய்விட்டாள். ஐந்து மாதமாகிறது. இப்போது போன் அடித்தாலும் அவள் ஓடிப்போய் எடுப்பதில்லை.