சுண்ணாம்புக் கட்டியால் போட்ட டிக்

அந்தக் குண்டின் மூக்கில் பித்தளை வளையம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி எண்கள். முழங்கை நீளம், கைக்கடங்காத பருமன். ஈராக் போருக்குப் பிறகு வந்த பழைய இரும்பில் கலந்து, துபாயின் அல் குசைஸில் நான் பாதுகாப்புப் பொறியாளராக இருந்த பழைய இரும்பு யார்டுக்கு வந்து சேர்ந்தது. என் பட்டியலில் நான்கு கேள்விகள்: எண்ணெய் உண்டா, வாயு உண்டா, மூடிய பாத்திரமா, தோட்டா உறையில் மருந்து உண்டா. நான் சுண்ணாம்புக் கட்டியால் டிக் போட்ட பிறகே, இரும்பை வாயுச் சுடரால் வெட்டும் எங்கள் கேஸ் கட்டர் டார்ச்சைப் பற்றவைப்பார். ராமநாதபுரத்துக்காரர். “மேடம் லிஸ்டுல சோத்துக்கு ஒரு கட்டம் இல்லையா?” என்று தினமும் கேட்பார்.

அன்று குண்டின் பின்பக்கத் தோட்டா உறை தனியாகக் கழன்று, காலியாகக் கிடந்தது. மருந்து இல்லை என்று குண்டின் மேல் டிக் போட்டேன்.

டார்ச்சின் நீலச் சுடர் குண்டின் உடலில் பட்டபோது ஃபோர்மேன் வந்தார். தூத்துக்குடிக்காரர், கடற்படைக் கப்பலில் பீரங்கி வேலை பார்த்து, நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்றவர். அவர் கத்தவில்லை. நேராகச் சிலிண்டரிடம் போய் வாயுவை மூடினார். ‘டப்’ என்று சுடர் அணைந்தது.

“எலே, கைய எடு. அதத் தொடாம அப்படியே பின்னால நட.”

“மேடம் டிக் போட்டுட்டாங்களே, அண்ணே.”

“நடலே!”

காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவு வரும்வரை, தொலைவில் ஒரு கண்டெய்னருக்குப் பின்னால் நின்றோம். கட்டர் கேட்டார்: “காலிதானேண்ணே?”

“உறையில இருந்தது குண்ட மேல அனுப்புற மருந்து. விமானத்த ஒடைக்கிறது குண்டு வயித்துக்குள்ள இருக்கு.”

பிறகு, அது விமான எதிர்ப்புக் குண்டு என்று விவரமாகச் சொன்னார். உயரத்தில் பறக்கும் விமானத்தைக் குண்டு எட்டுவதற்குப் பல விநாடிகள் ஆகும். அதற்குள் விமானம் நகர்ந்துவிடும் என்பதால், அது போய்ச் சேரப்போகும் இடத்தைக் கணக்கிட்டுச் சுடுவார்கள். நேராகப் படுவது அரிது. எனவே எத்தனையாவது விநாடியில் வெடிக்க வேண்டும் என்று அந்த வளையத்தைத் திருகி வைப்பார்கள். பீரங்கியின் உதைப்பிலும் சுழற்சியிலும்தான் உள்ளிருக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கும். குறித்த நேரத்தில் வெடித்ததும் எஃகுச் சில்லுகள் நாலாபுறமும் பாயும். பல பீரங்கிகள் சேர்ந்து சுட்டால், நகரத்துக்கு மேலே விமானம் கடக்க அஞ்சும் ஒரு சில்லு மேகம் உருவாகும். கப்பல்களில், விமானம் அருகில் வந்ததை ரேடியோ அலையால் தானே அறிந்து வெடிக்கும் மூக்குகளும் உண்டு.

“இது சுடாத குண்டுதானே? கடிகாரம் ஓடலையே?” என்றேன்.

“ஓடாது. ஆனா டார்ச்சு சூட்டுல வெடிக்கக் கடிகாரம் வேண்டாம், தங்கச்சி.”

மணல் மூட்டைகளோடு வந்தவர்கள் அதை எடுத்துப் போனார்கள். தவறு என் பட்டியலுடையது என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது வேறு ஊரில், வேறு அலுவலகத்தில், நாற்பது கேள்விகள் கொண்ட படிவங்கள் தயாரிக்கிறேன். ஆனால் நினைவில் நிற்பது மறுநாள் காலை. துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி ஒன்றின் பக்கத்தில், பற்றவைக்காத டார்ச்சோடு கட்டர் நின்றிருந்தார்.

“மேடம், போட்டாச்சா?”

அந்தக் குரலில் கேலி இல்லை, பயமும் இல்லை. முந்தைய நாள் போலவே என்னை நம்பிக் கேட்டார். வெறும் தண்ணீர்த் தொட்டிதான். அதை மூன்று முறை சுற்றி வந்தேன்.