மஞ்சள் தடவிய கவர்

என் மகள் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் எட்டு வருடம் வக்கீலாக இருந்தவள். கல்யாணமாகிக் கனடா போனாள். இந்த ஊர்ப் படிப்பை மட்டும் வைத்து அங்கே வக்கீலாக முடியாதாம். அங்கே இருக்கிற வக்கீல் படிப்பு அதிகாரிகள் மார்க் பட்டியலைப் பார்த்துத்தான், இன்னும் எந்தெந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று சொல்வார்களாம். அந்தப் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும்.

அவள் அனுப்பிய படிவத்தோடு நான்தான் சென்னையில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

"தபால்ல அனுப்பட்டுமா, கையில வாங்கிக்கிறீங்களாம்மா?" என்று குமாஸ்தா கேட்டார்.

தபாலில் தொலைந்துவிடுமோ என்று பயந்து, "கையிலயே குடுத்துடுங்க" என்றேன். முத்திரை வைத்த கவரை யார் அனுப்பினால் என்ன என்று நினைத்தேன்; மேற்கொண்டு கேட்கக் கூச்சம். ஒட்டி முத்திரை வைத்த கவரை முந்தானையில் மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைத்துவிட்டுக் கனடா அதிகாரிகளுக்குக் கூரியரில் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து மகள் போன் செய்தாள்.

"கவர்ல அனுப்புனவங்க பேரு உன் பேரா இருக்குதாம், அம்மா. ஏத்துக்க மாட்டாங்களாம்."

"இப்ப இன்னா பண்றது?"

"மறுபடி முதல்லேர்ந்துதான். அதுவரைக்கும் கடையில பில்லு போட்டுக்கினு இருக்கேன். நீ சாப்ட்டியா?"

அவள் திட்டவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

புதுப் படிவம் வந்ததும் அதே பஸ்ஸில் போய், அதே குமாஸ்தாவிடம் நீட்டினேன்.

"நீங்களே அனுப்பிடுங்க. என் கையில குடுக்காதீங்க."